மேடை ஏறியதும் முதல் ஒன்றரை நிமிடம்: பனியன் கம்பெனி விழாத் தொகுப்பாளர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

திருப்பூரில் கம்பெனி ஆண்டு விழா என்றால் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மாலைதான். ஒன்றரை ஷிஃப்ட் ஓடுகிற நாளில் காலை 8.30க்கு உள்ளே போனவர்கள் இரவு 8.30க்குத்தான் வெளியே வருகிறார்கள். அன்று விழா வைத்தால் கூட்டம் சேராது. ஞாயிறு மாலை குடும்பத்தோடு வருவார்கள். ஒரு வார வேலைக்குப் பிறகு கிடைக்கும் அந்த ஒரு நாளில் பாதியை நமக்குத் தருகிறார்கள். மைக் பிடிக்கச் சொல்லி ஆபீஸில் இருக்கும் பெண்ணையோ, முதலாளி வீட்டு மருமகளையோ, செக்கிங்கில் தெளிவாகப் பேசுகிற ஒருவரையோ நிறுத்திவிடுவார்கள். அப்படி முதன்முறையாக நிற்பவர்களுக்காகவே இந்தக் குறிப்புகள். மாலை எப்படிப் போகும் என்று தொடக்கத்திலேயே கூட்டத்துக்குச் சொல்லிவிடும் அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். கவிதையாகப் பேச வராதவர்களும் இதைச் சரியாகச் செய்யலாம்.

1. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மனதில் நான்கு கேள்விகள்தான் இருக்கும். எத்தனை மணிக்கு முடியும்? சாப்பாடு எப்போது? என் குழந்தை எப்போது ஆடும், அல்லது என் பரிசு எப்போது? வீட்டுக்கு எப்படிப் போவது? உங்கள் அறிமுகம் இந்த நான்குக்கும் பதில் சொன்னால் போதும். வெளியூர்ப் பெண்கள் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள். வண்டி எப்போது என்று தெரியாவிட்டால் அவர்களால் நிம்மதியாகக் கைதட்டக்கூட முடியாது. பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் ஏழு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கம்பெனி எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை மெஷினோடு தொடங்கியது என்பதெல்லாம் வரவேற்புரைக்கு உரியவை. அவற்றை இங்கே கொண்டுவர வேண்டாம்.

தெருக்கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து இன்றைக்கு என்ன கதை, யார் வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டம் நடக்கும். விடிய விடிய உட்காரப்போகும் கூட்டத்துக்கு அது தேவை என்பதை அந்தக் கலைஞர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். பட்டிமன்ற நடுவரும் தலைப்பையும் இரண்டு அணிகளையும் சொல்லிவிட்டுத்தான் முதல் பேச்சாளரை அழைக்கிறார். நாம் செய்வதும் அதே வேலைதான்.

2. என்ன சொல்வது என்று எழுதும் முன், சாப்பாட்டுக் கணக்கைப் போடுங்கள். இதை முதல் வேலையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பார்த்த வரையில் தொடக்கத்தில் சொன்ன நேரம் பொய்யாகிப்போவது பேச்சு நீண்டதால் மட்டும் இல்லை. பந்தியை யாரும் எண்ணிப் பார்க்காததால்தான் அதிகம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விழாவுக்கு 480 பேர் வருகிறார்கள். மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பந்திக்கு 120 பேர் உட்காரலாம். அப்படியென்றால் நான்கு பந்தி. சாப்பிட 20 நிமிடம், இலை எடுத்து மேஜை துடைத்து மறுபடி இலை போட 10 நிமிடம். ஆக ஒரு பந்திக்கு அரை மணி. நான்கு பந்திக்கு இரண்டு மணி நேரம். எல்லோரையும் 8.30க்குச் சாப்பிட விட்டால் கடைசிப் பந்தி உட்காருவதே 10 மணிக்கு, எழுந்திருப்பது 10.20க்கு. அதற்குள் குழந்தைகள் தூங்கிவிடும். படிக்கட்டில் கூட்டம் நெரியும். வண்டி ஓட்டுநர் ஹாரன் அடிப்பார். மேடையில் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், வந்தவர்கள் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

எனவே பந்தி 7.30, 8.00, 8.30, 9.00 என்று ஓட வேண்டும். மேடை நடந்துகொண்டிருக்கும்போதே கீழே சாப்பாடும் நடக்கும். இதற்கு ஓர் இழப்பு உண்டு. மேடைக்கு முன்னால் எப்போதும் கால்வாசி நாற்காலி காலியாக இருக்கும். முதலாளியிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர் மேடையிலிருந்து பார்த்து வருந்தக் கூடாது. சிறப்பு விருந்தினர் பேசும் நேரத்தை முதல் பந்திக்கு முன்னால் வைத்துவிட்டால் அவர் முழு அரங்கத்தையும் பார்த்துப் பேசலாம். சமையல்காரரிடமும் பரிமாறுகிறவர்களின் தலைவரிடமும் பேசி, ஒரு பந்திக்கு உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் எல்லாக் கணக்குகளையும்விட அவர்கள் சொல்லும் கணக்கு சரியாக இருக்கும்.

3. தாள் இரண்டு வேண்டும். ஒன்று உங்களுக்கும் மேடைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும். அதில் நிமிடக் கணக்கு இருக்கும். நம் உதாரணத்தில் அது இப்படி வரும்: 6.00 குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து. 6.05 உங்கள் அறிமுகம். 6.07 வரவேற்புரையும் ஆண்டறிக்கையும். 6.20 குழந்தைகள் நிகழ்ச்சி. 7.15 சிறப்பு விருந்தினர் பேச்சு. 7.30 பரிசளிப்பு. 8.10 வள்ளி கும்மி. 9.00 நாட்டுப்பண்.

குழந்தைகள் நிகழ்ச்சிக்கு 55 நிமிடம் எப்படி வந்தது என்று பாருங்கள். ஒன்பது நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் பாட்டு 4 நிமிடம். ஆனால் ஒரு குழுவை இறக்கி அடுத்ததை ஏற்றி, பென்டிரைவில் பாட்டைத் தேடிப் போட 2 நிமிடம் ஆகும். ஆறு பெருக்கல் ஒன்பது, 54. அந்த இரண்டு நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதவர்களுக்கு எல்லாமே இருபது நிமிடம் தள்ளிப்போகும். அப்புறம் குற்றம் சிறப்பு விருந்தினர் தலையில் விழும்.

இரண்டாவது தாள் கூட்டத்துக்குச் சொல்வதற்கு. அதில் இத்தனை வரி கூடாது. மூன்று பகுதிகள் மட்டும்: குழந்தைகள், பரிசு, வள்ளி கும்மி. எட்டு நிகழ்ச்சியையும் வரிசையாக வாசித்தால் ஒருவருக்கும் நினைவில் நிற்காது. மூன்று பகுதி என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைகூட அம்மாவுக்கு ஞாபகப்படுத்தும்.

4. நேரத்தைக் கடிகாரக் கணக்கில் எதற்குச் சொல்லலாம், எதற்குச் சொல்லக் கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் நிகழ்ச்சி எதுவரை, சாப்பாடு எப்போது தொடங்கும், விழா எப்போது முடியும், வண்டி எப்போது. இந்த நான்கும் உங்கள் கையில் இருப்பவை; மணி சொல்லலாம். விருந்தினர் வருகை உங்கள் கையில் இல்லை. கோவையிலிருந்து அவிநாசி சாலையில் வருகிறவர் எங்கே மாட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? அதை வரிசையாக மட்டும் சொல்லுங்கள், ‘குழந்தைகளுக்கு அடுத்து விருந்தினர் பேசுவாங்க’ என்று. ‘இன்னும் சற்று நேரத்தில்’ என்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடமா, ஐம்பது நிமிடமா என்று கேட்பவருக்குத் தெரியாது.

5. சொல்ல வேண்டிய இடம் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து எல்லோரும் உட்காரும் அந்தக் கணம். 2021 டிசம்பரில் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது 55 நொடியில் பாட வேண்டும், பாடும்போது எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் விலக்கு என்று சொன்னது. பாட்டுக்காக எழுந்தவர்கள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். கைப்பையையும் குழந்தையையும் சரிசெய்துகொண்டு உட்காரும்போது அத்தனை கண்களும் மேடையில்தான் இருக்கும். அந்த அமைதி மறுபடி கிடைக்காது. வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் பிறகு தள்ளிவைத்தால் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரோடு பேசத் தொடங்கியிருப்பார்கள்.

இன்னொன்று. 6.05க்கு உள்ளே இருப்பது பாதிக் கூட்டம்தான் என்பதை ஒத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையில் கடைவீதி வேலையை முடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஆறரைக்குத்தான் வருவார்கள். அதனால் அதே விவரத்தை நான்கே வரியாக இன்னொரு முறை, மூன்றாவது குழந்தை நடனத்துக்கு அடுத்த இடைவெளியில் சொல்லுங்கள். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் மேஜைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு தாளும் ஒட்டிவிடுங்கள்: சாப்பாடு, முடிவு, வண்டி, அவற்றின் நேரம். அவ்வளவுதான்.

6. எழுதிப் பாருங்கள். மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் வரும். உங்கள் வேகத்தைப் போனில் பதிவு செய்து அளந்துகொள்ளுங்கள். நம் உதாரண விழாவுக்கு நான் இப்படிச் சொல்வேன்:

“எல்லாருக்கும் வணக்கம்ங்க. குடும்பத்தோட வந்ததுக்கு ரொம்பச் சந்தோசம். இன்னைக்குச் சாயங்காலம் மூணு பகுதிங்க. முதல்ல நம்ம குழந்தைங்க ஆட்டம் பாட்டு, ஏழே கால் வரைக்கும். அடுத்து விருந்தினர் பேசுவாங்க, பரிசு கொடுப்பாங்க. மூணாவதா வள்ளி கும்மி. ஒன்பது மணிக்கு நாட்டுப்பண்ணோட முடிச்சுக்கலாம். சாப்பாடு ஏழரைக்கு ஆரம்பிச்சிரும்ங்க. கீழ ஒரு பந்திக்கு நூத்தி இருபது பேர்தான் உட்கார முடியும். அதனால கைக்குழந்தையோட வந்தவங்க, வயசானவங்க, ஹாஸ்டல் பிள்ளைங்க முதல் பந்திக்குப் போயிருங்க. அப்புறம் ஒவ்வொரு செக்‌ஷனா நான் மைக்குல கூப்பிடறேன். பரிசு வாங்கறவங்க வாங்கிட்டுப் போங்க, உங்களுக்கு இலை இருக்கும். ஹாஸ்டல் வண்டி எட்டே முக்காலுக்கு, மத்த வண்டி ஒன்பதே முக்காலுக்கு, வாசல்லயே நிக்கும். ஆடற குழந்தைங்க பேரை ரெண்டு பாட்டு முன்னாடியே சொல்லிருவேன். அப்பக் கூட்டிட்டு வந்தாப் போதும், அதுவரைக்கும் நீங்க உட்கார்ந்து பாருங்க.”

கடைசி வரியைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் ஒன்பது குழுவின் அம்மாக்களும் ஆறு மணியிலிருந்தே மேடைக்குப் பின்னால் சீப்பும் பின்னுமாக நிற்பார்கள். அங்கே இடமும் இருக்காது, அவர்களால் மற்றக் குழந்தைகளின் ஆட்டத்தைப் பார்க்கவும் முடியாது. ‘உங்களுக்கு இலை இருக்கும்’ என்பதும் அப்படித்தான். பதினைந்து வருடம் வேலை பார்த்து முதல் முறையாகப் பரிசு வாங்கப்போகிற ஒருவர், சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்ற எண்ணத்தோடு மேடை ஏறக் கூடாது.

7. இந்த அறிமுகத்தில் மேடையில் இருப்பவர் பெயர்களை வாசிக்காதீர்கள். ஒரு பெயரைச் சொன்னால் எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும். எந்த வரிசையில் என்ற கேள்வி வரும். பட்டத்தில் ஒன்று விட்டுப்போகும். ஒன்றரை நிமிடம் ஐந்து நிமிடமாகிவிடும், கூட்டத்துக்கு வேண்டிய நான்கு பதில்களும் அதில் காணாமல் போகும். ‘விருந்தினர்’ என்ற ஒரு சொல் இங்கே போதும். பெயர்களும் சிறப்புகளும் இரண்டு நிமிடத்தில் வரவேற்புரையில் வரத்தானே போகின்றன? முதலாளியோ மேனேஜரோ வற்புறுத்தினால் இதைச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

8. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இன்று பல கம்பெனிகளில் அதிகம். நாற்காலிகளில் கால்வாசி அவர்கள்தான் என்றால் அறிமுகத்தின் சாரத்தை இந்தியில் சொல்லியே ஆக வேண்டும். முழுவதையும் மொழிபெயர்க்க வேண்டாம். சாப்பாடு, முடிவு, வண்டி மூன்றும் போதும். ‘கானா ஸாடே ஸாத் பஜே ஷுரூ ஹோகா. புரோகிராம் நௌ பஜே கதம். காடி பௌனே தஸ் பஜே கேட் பர் மிலேகி.’ இதை நீங்கள் படித்துச் சொல்வதைவிட அவர்களில் ஒருவரை மேடைக்கு அழைத்துச் சொல்ல வையுங்கள். லைனில் எல்லோருக்கும் தெரிந்த ஆளாக இருக்கட்டும். உச்சரிப்புச் சரியாக இருக்கும் என்பது ஒரு பக்கம். தங்கள் ஆள் ஒருவர் விழாவின் தொடக்கத்திலேயே மைக் பிடித்துப் பேசுகிறார் என்பதும் அவர்களுக்குப் பெரிது. நான் பார்த்த விழாக்களில் அந்த இடத்தில் எழும் கைதட்டல் தனி. முந்தைய நாளே அவரிடம் தாளைக் கொடுத்து, மணியை மட்டும் இரண்டு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

9. வள்ளி கும்மியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் இன்று அது இல்லாத விழா குறைவு. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு அதன் மேல் மரியாதையும் கூடியிருக்கிறது. வள்ளி பிறந்ததிலிருந்து திருமணம் வரை முழுக் கதையையும் பாடி ஆட மணிக்கணக்கில் ஆகும். நமக்கு இருப்பது 50 நிமிடம். ஆகவே ஒரு வாரம் முன்பே வாத்தியாரிடம் எந்தப் பகுதி, எத்தனை பாட்டு என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அன்று மாலை ‘கொஞ்சம் சுருக்கிக்குங்க’ என்று பாதியில் சீட்டு அனுப்புவது அந்தக் கலைக்குச் செய்யும் அவமரியாதை. வேலை முடித்து வந்து மாதக்கணக்கில் இரவில் பழகியவர்கள் ஆடுகிறார்கள். அறிமுகத்திலும் ‘வள்ளி திருமணப் பகுதியை ஆடுவாங்க’ என்று குறிப்பாகச் சொன்னால், கதை தெரிந்த பெரியவர்கள் முதல் பந்தியிலேயே சாப்பிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

10. விருந்தினர் தாமதம் என்று வையுங்கள். 7.15க்கு வர வேண்டியவர் 7.45 என்று போன் வந்துவிட்டது. அப்போது சாப்பாட்டை நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் நான்கு பந்தியும் நகரும், வண்டியும் நகரும். பரிசுகளில் ஒரு பகுதியை, உதாரணமாக வருகைப் பதிவுக்கான பரிசுகளை, கம்பெனியில் நீண்ட காலம் வேலை பார்த்த ஒருவர் கையால் உடனே கொடுக்கத் தொடங்குங்கள். சொல்லப்போனால் விருந்தினர் நேரத்துக்கு வந்தாலும் இப்படிச் செய்யலாம். வாங்குகிறவர் முகத்தில் அந்த மகிழ்ச்சி கூடுதலாகத் தெரியும். சிங்கர் டைலர்கள் இருவர் பாடக் காத்திருந்தால் அவர்களையும் இங்கே நுழைக்கலாம். அதற்காகவே இரண்டு பாட்டைத் தாளில் சேர்க்காமல் கையில் வைத்திருங்கள்.

மாற்றத்தைக் கூட்டத்துக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். எது மாறியது, எது மாறவில்லை, இரண்டும் அதில் இருக்க வேண்டும். “விருந்தினர் வந்துட்டிருக்காங்க, அதுக்குள்ள பரிசை ஆரம்பிச்சிரலாம்ங்க, சாப்பாடும் வண்டியும் சொன்ன நேரத்துக்குத்தான்.” மன்னிப்பும் விளக்கமும் நீண்டால் கூட்டம் கலையத் தொடங்கும்.

11. திறந்தவெளியில், கம்பெனி வளாகத்திலோ புல்வெளி மண்டபத்திலோ விழா வைத்தால் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை தடுக்கின்றன. மூடிய அரங்குக்குள் ஓடுவதற்கு விலக்கு உண்டு. 9 மணிக்கு முடிவு என்று அறிவித்தால் எதிர்பாராத தாமதத்துக்கும் ஒரு மணி நேரம் இடம் இருக்கும். 9.45க்கு முடிவு என்று திட்டமிட்டவர்கள் வள்ளி கும்மியின் உச்சத்தில் மைக்கை அணைக்க வேண்டியிருக்கும்.

12. உங்கள் அறிமுகம் சேர்ந்ததா என்பதை ஏழரை மணிக்குள் கண்டுகொள்ளலாம். மேடைப் படிக்கட்டில் வந்து ‘எங்க பாப்பா எப்பங்க?’, ‘சாப்பாடு எப்பங்க?’ என்று கேட்கிறவர்களைக் கவனியுங்கள். ஓரிருவர் கேட்டால் அவர்கள் பிந்தி வந்தவர்கள். அதற்கு மேல் வந்தால் நீங்கள் சொன்னது பின்வரிசைக்குக் கேட்கவில்லை, அல்லது நிறையச் சொல்லிவிட்டீர்கள். பின்னால் சாப்பாட்டு வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, 7.20க்கே ஆட்கள் வந்து நிற்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். நின்றால் உடனே மைக்கில் அந்த நான்கு வரியை மறுபடி சொல்லுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் முன்னால் மட்டும் இருந்தால் கடைசி வரிசைப் பாட்டிகளுக்கு உங்கள் குரல் போய்ச் சேராது. அதனால் 5.30க்கே ஒருவரைக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்து, மண்டபத்து மின்விசிறிகள் அத்தனையையும் ஓடவிட்டு, வண்டி நேரத்தை ஒரு முறை வாசித்து, கேட்கிறதா என்று கையைக் காட்டச் சொல்லுங்கள்.